புயல் கிழக்கே, காற்று வடக்கே!

“சார், புயல் கிழக்கே கடலில் இருக்குது, காற்று வடக்கேயிருந்து அடிக்குதே?” ஐப்பசி, கார்த்திகையில் விவசாயிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவு. சுற்றியுள்ள காற்று அங்கே நேராகப் பாயப் பார்க்கும். ஆனால் பூமி சுழல்வதால், பூமியின் வடபாதியில் அது வலப்பக்கம் விலகி, மையத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. தரையில் உராய்வதால் சற்றே உள்நோக்கிச் சாயும். ஆகவே, காற்றுக்கு எதிரே முகம் காட்டி நின்றால், மையம் உங்கள் வலக்கைப் பக்கம், சற்றுப் பின்னால் இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து மேற்கே போனது கஜா. இப்படி மையம் கடக்கும் ஊரில் முதலில் வடகாற்று, பிறகு அமைதி, அடுத்து தென்காற்று. அந்த அமைதியை நம்பித் தோப்புக்குள் போகாதீர்கள். வாழைக்கு இருபுறமும் முட்டுக் கொடுங்கள்.