மோட்டார் எரிந்த பிறகு எழுதிய கடிதம்

குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே, உடன்குடி போகிற வழியில், தேரி மணல் தொடங்கும் இடத்தில் இரண்டு ஏக்கர். ஒரு ஏக்கரில் ஐந்து மாத வாழை, மறு ஏக்கரில் முருங்கை. நிலத்துக்காரர் மும்பையில் கடை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை, தசராவுக்கு முத்தாரம்மன் கோயிலுக்கு வரும்போது நிலத்தையும் பார்த்துவிட்டுப் போவார். பாட்டத்துக்குப் பயிர் செய்பவர் உள்ளூர்க்காரர். வருஷத்துக்கு 40,000 ரூபாய் குத்தகை. தையில் பாதி, ஆடியில் பாதி. இரண்டு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

ஆவணியில் ஒரு நாள் காலை, போர்வெல்லில் இறக்கியிருந்த 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் நின்றுபோனது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் உடனே விழுந்துவிடுகிறது. முருங்கை ஒரு மாதம்கூடத் தாங்கும். தேரி மணலில் நிற்கும் வாழை தாங்காது. நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் கிடைக்காவிட்டால் இலை மடங்க ஆரம்பித்துவிடும்.

அவர் முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான். போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, மோட்டார் போயிட்டு. ரூவா அனுப்புங்க" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, "ஓட்டுறது நீ, எரிச்சது நீ. நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று பதில் வந்தது. பேச்சு அங்கேயே முறிந்தது. அந்தக் கோபத்தில், சொந்தப் பணத்தில் சரி செய்துவிட்டுத் தையில் கொடுக்கும் குத்தகையில் கழித்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

அப்படிக் கழித்திருந்தால் மோட்டார் செலவைவிடப் பெரிய சிக்கலில் மாட்டியிருப்பார். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதை, சொல்லியும் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழிக்கலாம் என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஊரில் பலரும் அதை விவசாய நிலத்துக்கும் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, அந்தப் பகுதி விவசாயக் குத்தகைக்குச் செல்லாது என்று அதே சட்டமே சொல்கிறது. சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நினைத்த நேரத்தில் வெளியேற்ற அது விடாது. என்றாலும், வெளியேற்றக் கேட்க அது ஒப்புக்கொள்ளும் காரணங்களில் முதலாவது குத்தகை பாக்கி. நிலத்துக்காரர் சம்மதிக்காமல் கழித்த பணம், அவர் பார்வையில் பாக்கிதான். ஆகவே கழிக்கலாம், ஆனால் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகுதான் கழிக்க வேண்டும்.

யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசுமுன், மோட்டார் ஏன் எரிந்தது என்று தெரிய வேண்டும். குழாயை மேலே இழுத்து, உடன்குடியில் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனார்கள். பிரித்துப் பார்த்த மெக்கானிக், மூன்று வைண்டிங்கில் இரண்டு கருகியும் ஒன்று புதிது போலவும் இருந்ததைக் காட்டினார். ஸ்டார் இணைப்பு மோட்டாரில் இப்படி இருந்தால், மூன்று பேஸில் ஒன்று இல்லாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டெல்டா இணைப்பாக இருந்தால் ஒன்று மட்டும் கருகும். மூன்றும் ஒரே சீராகக் கருகியிருந்தால் வேறு கதை: குறைந்த மின்னழுத்தம், அல்லது மணல் அடைத்துத் தண்டு இறுகியது, அல்லது தண்ணீர் இறங்கிக் காய்ந்து ஓடியது. பம்பின் இம்பெல்லரும் புஷ்ஷும் மணலில் தேய்ந்திருந்ததையும் அவர் காட்டினார். அது ஒரு நாளில் ஆன தேய்மானம் இல்லை.

இங்கேதான் குத்தகைதாரருக்குத் தர்மசங்கடம். இரவில் இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில், கண்டென்சர் பெட்டி போட்டு மோட்டாரை ஓட்டியவர் அவர்தான். விவசாய மின்சாரம் இலவசம், ஆனால் மும்முனை எல்லா நேரமும் வருவதில்லை. வாழை வாடும்போது யாரும் அதைச் செய்வார்கள். இருந்தாலும் இரண்டு பேஸில் ஓடும் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். மெக்கானிக்கைப் பில்லில் "மின்சாரக் கோளாறு" என்று எழுதச் சொல்வது எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை. பிளஸ் டூ படிக்கும் மகளை உட்கார வைத்து, அன்றிரவே சொல்லச் சொல்ல எழுத வைத்தார்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். போனில் நான் பேசிய விதம் சரியில்லை, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மோட்டாரைப் பிரித்துப் பார்த்தாச்சு. இரண்டு பேஸில் ஓட்டியதால் வைண்டிங் போயிருக்கிறது. கண்டென்சர் போட்டு ஓட்டியது நான்தான். ஆனால் பம்பு உங்கள் காலத்தில் இறக்கி ஆறு வருஷம் ஆகிறது. அதில் நான் ஓட்டியது இரண்டு வருஷம். மொத்தச் செலவு 23,400 ரூபாய். பில்லின் படம் அனுப்பியிருக்கிறேன்.

வைண்டிங் 9,000. பழைய செம்புக் கம்பியை எடை போட்டுக் கழித்த பிறகு வரும் தொகை இது. தவறு என்னுடையது, ஆனாலும் அது ஆறு வருஷப் பழைய வைண்டிங். அதனால் எனக்கு 6,000, உங்களுக்கு 3,000. இம்பெல்லர், புஷ், திரஸ்ட் பேரிங் 8,100. இது மணல் தேய்மானம். ஆறில் இரண்டு வருஷம் என் கணக்கு, 2,700. மீதி 5,400 உங்களுக்கு. குழாய் இழுத்து இறக்கும் கூலி 3,000, ஆளுக்குப் பாதி. பேஸ் போனாலும் தண்ணீர் வற்றினாலும் தானாக நிறுத்தும் கருவியை ஸ்டார்ட்டர் பெட்டியில் புதிதாக வைக்க 3,300. நான் போன பிறகும் அது உங்கள் நிலத்தில்தான் இருக்கும். அது உங்களுடையது.

ஆக எனக்கு 10,200, உங்களுக்கு 13,200. உங்கள் பங்கையும் நானே இப்போது கொடுத்துவிடுகிறேன். தைக் குத்தகையில் 6,600, ஆடிக் குத்தகையில் 6,600 கழித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். இனி கண்டென்சர் போட மாட்டேன். தேய்ந்த சாமான்களைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், தசராவுக்கு வரும்போது பாருங்கள். வாழை ஏழு நாளாகத் தண்ணீர் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் நல்லது."

கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அசலைப் பதிவுத் தபாலில் போட்டார்கள். தபாலுக்கு ரசீது உண்டு. செய்தியை வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரச் சாகுபடியானால், தண்ணீர் இல்லாத நஷ்டம் இரண்டு பேருக்கும் உண்டு. அங்கே வாரம் பிரிக்கும் அதே விகிதத்தில் செலவையும் பிரிப்பதே பேச எளிது. குத்தகை முடிய ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால், புது வைண்டிங்கில் பாதிக்கு மேல் ஏற்பது குத்தகைதாரருக்கு நஷ்டம். மின் இணைப்பு நிலத்துக்காரர் பெயரில் இருப்பதால், பெட்டியில் புதுக் கருவி வைக்கவும் அவர் வாய்வார்த்தையாவது தேவை.

வியாழக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. நிலத்துக்காரர் வைண்டிங் பங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பேஸ் கருவியை மட்டும் பிடித்துக்கொண்டார். அது இருந்தால் காப்பாற்றப்படுவது உன் பயிரும்தான், அதிலும் பாதி போடு என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆக குத்தகைதாரர் பங்கு 11,850, நிலத்துக்காரர் பங்கு 11,550. தையில் 5,775, ஆடியில் 5,775 கழிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட தாளைப் படமாக அனுப்பினார். அதன் அசல், தசராவுக்கு அவர் வந்தபோது கைக்கு வந்தது. சாக்கை அவிழ்த்துத் தேய்ந்த இம்பெல்லரையும் விரலால் தடவிப் பார்த்தார்.

பன்னிரண்டாம் நாள் மோட்டார் இறங்கியது. வரப்போரம் நின்ற வாழைகளில் கொஞ்சம் வளர்ச்சி பின்தங்கிவிட்டது, அவை தார் தள்ளத் தாமதமாகும். கண்டென்சர் பெட்டியைக் கழற்றி மோட்டார் அறையின் ஆணியில் மாட்டியிருக்கிறார். வயர் முனைகளில் டேப் சுற்றியிருக்கிறது.