போத்தலைத் தள்ளியது யார்?



உங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடத்திலே 'சடத்துவம்' என்றொரு சொல் வருகிறது. ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து ஒரு விசை தாக்கினால்தான் அந்நிலை மாறும். 1687இல் நியூற்றன் நூலில் எழுதி வைத்த விதி இது.

தரம் பத்தில் படிக்கும் என் மகள் இதை மனனமிட்டு ஒப்புவிப்பாள். ஆனால், "உருட்டிய பந்து தானாகவே நின்று விடுகிறதே வாப்பா?" என்றும் கேட்பாள். உராய்வுதான் நிறுத்துகிறது என்றால் தலையை ஆட்டுவாள், முகம் தெளியாது.

ஒருநாள் அக்குறணையிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போனோம். ஆசனம் கிடைக்கவில்லை. மகள் தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றாள். நாயொன்று குறுக்கே ஓட, சாரதி பிரேக்கை ஓங்கி மிதித்தார். நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தோம். போத்தல் விழுந்து சாரதியின் ஆசனம் வரை உருண்டது.

"யாரோ பின்னாலிருந்து தள்ளின மாதிரி இருந்தது" என்றாள்.

"திரும்பிப் பாருங்க மகள், யார் தள்ளியது?"

பின்னால் ஒருவரும் இல்லை.

"சரி, போத்தலைத் தள்ளியது யார்?"

சற்று நேரம் பேசாமல் நின்றவள், "ஒருத்தரும் தள்ளல்ல வாப்பா. பஸ்தான் நின்றது, போத்தல் நிற்கல்ல!" என்றாள். பிறகு தன் கால்களைப் பார்த்து, "நானும் நிற்கல்ல. பஸ் என்ட செருப்பை மட்டும்தான் பிடிச்சு நிறுத்தினது. மேலுடம்பு போய்க்கொண்டே இருந்தது. அப்போ பந்தையும் நிலம்தான் பிடிச்சு நிறுத்துது!" என்றாள்.

இதில் தாய்மாருக்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 36 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு 10 மீற்றர். அவ்வேகத்தில் போகும் வாகனம் 2 விநாடியில் நின்றால், மடியிலுள்ள 10 கிலோ குழந்தையைத் தடுக்க ஏறக்குறைய 5 கிலோவைத் தூக்கும் பலம் போதும். கைகள் தாங்கிவிடும். அதே வாகனம் எதிலாவது மோதி, விநாடியின் பத்திலொரு பங்கில் நின்றால் 100 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இயலாது. குழந்தை அதே வேகத்தில் முன்கண்ணாடியை நோக்கிப் போகும்.

ஆகவே கார், வேன்களின் முன் ஆசனத்தில் குழந்தையை மடியில் வைத்திருக்காதீர்கள். ஒரே பட்டியை இருவருக்குமாகச் சுற்றிக் கட்டுவதும் ஆபத்து. முன்னால் பாயும் உங்கள் உடலே குழந்தையை நசுக்கிவிடும். பின் ஆசனத்தில், குழந்தைக்கென்றே உள்ள இருக்கையில் பட்டியிட்டு இருத்துங்கள். வாகனத்தோடு சேர்த்து குழந்தையையும் நிறுத்துவது அந்தப் பட்டிதான்.