வெற்றுக் குகையும் காணாத குகையும்

கோலார் தங்கவயல் உள்ள அதே மாவட்டத்தில், ஹனுமனஹள்ளிக் குகையில் வாழ்கிறது கோலார் இலைமூக்கு வௌவால். 1994-இல் விவரிக்கப்பட்ட இவ்வினம் இன்று வேறெங்கும் வாழ்வதாகப் பதிவில்லை. அண்டைக் குன்றுகளின் குகைகளில் அது இல்லையா, சென்றவர் கண்ணில் படவில்லையா? ஆய்வேட்டின் முறையியல் இயல் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

பரவலாகக் காணப்படும் வேறொரு குகை வௌவாலைக் கொண்டு ஒரு கற்பனைக் கணக்கு. 30 குகைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வருகை. 12 குகைகளில் மொத்தம் 18 முறை தென்பட்டது. இருப்பு நிகழ்தகவு ψ = 12/30 = 0.4 என எழுதுவது பிழை. அந்த 12 குகைகளின் 36 வருகைகளில் 18 முறை கண்டதால் கண்டறியும் நிகழ்தகவு p = 0.5 என்பதும் பிழையே (இதில்தான் பலரும் வழுக்குவர்). ஒருமுறையேனும் தென்பட்ட குகைகளை மட்டுமே எண்ணியதால் அது மிகைமதிப்பு.

மெக்கன்சி குழுவினர் 2002-இல் வெளியிட்ட மாதிரி இரண்டையும் ஒருசேர மதிப்பிடுகிறது. இங்கே p ≈ 0.382. மூன்று வருகையிலும் தவறவிடும் வாய்ப்பு 0.618³ ≈ 0.236. ஆகவே ψ ≈ 0.4/0.764 ≈ 0.52. வெறுமை எனக் குறித்த 18 குகைகளில் ஏறத்தாழ நான்கில் வௌவால் இருந்திருக்கும்.

வருகைகளுக்கிடையே குகையின் நிலை மாறாது என்பது இதன் அடிப்படை. வௌவால்கள் தங்குமிடம் மாற்றிக்கொண்டிருந்தால் ψ என்பது இருப்பைக் குறிக்காது. அப்பருவத்தில் அக்குகையைப் பயன்படுத்தியதை மட்டுமே குறிக்கும். ஒரே குகையில் அறியப்பட்ட கோலார் வௌவாலுக்கோ இம்மாதிரி உதவாது. ஓரிடத்துத் தரவிலிருந்து p-யை நம்பகமாகப் பெற இயலாது.