நான் வாங்கிக் கொடுத்த உப்பு

உங்க வீட்டு உப்பு பாக்கெட்டோட பின்பக்கத்தை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா? நான் படிச்சதில்லை. முன்பக்கம் மட்டும்தான் படிச்சேன். "சோடியம் குறைவு"ன்னு போட்டிருந்தது. அது போதும்னு நினைச்சு வாங்கிட்டேன்.

எங்க ஊர் தீர்த்தமலை. அரூர் பக்கம். மலைமேல தீர்த்தகிரீஸ்வரர் கோயில். அடிவாரத்துல எங்க தாத்தா முப்பது வருஷமா தேங்காய், பழம், கற்பூரம் விக்கிற கடை வெச்சிருந்தார். சர்க்கரை நோய் ரொம்ப நாளா இருந்தது. அது மெல்ல சிறுநீரகத்தைத் தின்னுடுச்சு. போன வருஷத்துல இருந்து அவருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும், தர்மபுரியில டயாலிசிஸ். கடை இப்போ சித்தப்பா கையில.

டயாலிசிஸ் ஆரம்பிச்சப்பவே டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, "உப்பைக் குறைங்க". ஆயா குறைச்சாங்க. தாத்தா சாப்பாட்டைத் தள்ளி வெச்சார். "இதை மனுஷன் திங்கறதா?"ன்னு கேட்பார். செமஸ்டர் லீவுக்கு வரும்போது, டவுன் சூப்பர் மார்க்கெட்டுல அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். சோடியம் குறைவு, ஆனா உப்பு ருசி இருக்கும். பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், தாத்தா டயாலிசிஸ் முடிஞ்சு வந்த நேரத்துல, அதை ஆயா கையில கொடுத்தேன். "ஆயா, இது டாக்டர் சொன்ன மாதிரி உப்பு. தாராளமா போடு."

ஆயா நிஜமாவே தாராளமா போட்டாங்க. அந்த உப்பு கொஞ்சம் சப்புன்னும், அடியில லேசா கசப்பாவும் இருந்தது. அதனால இன்னும் ஒரு சிட்டிகை.

திங்கட்கிழமை சித்திரை வெயில். தாத்தா ரொம்ப சோர்வா இருக்கார்னு, கடையில இருந்து சித்தப்பா ரெண்டு இளநீர் வெட்டி எடுத்துட்டு வந்தார். "உடம்பு சூடு தணியும், குடிங்கப்பா." தாத்தாவும் ஆசையா குடிச்சார். ராத்திரி எட்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர், "காலு தூக்கவே வரல கண்ணு"ன்னு கட்டில்லயே உட்கார்ந்துட்டார். வெயில் மயக்கம்னுதான் எல்லாரும் நினைச்சோம். கையைப் பிடிச்சுப் பார்த்தேன். நாடி ரொம்ப மெதுவா, விட்டு விட்டு அடிச்சது. 108-க்கு போன் பண்ணினோம்.

அரூர்ல இ.சி.ஜி. எடுத்த டூட்டி டாக்டர் ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கலை. பேப்பரைப் பார்த்ததுமே நர்ஸைக் கூப்பிட்டு நரம்புல கால்சியம் ஊசி போடச் சொன்னார். அந்தப் பேப்பர்ல ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாடியும் ஒரு அலை, கூடாரம் மாதிரி கூர்மையா உயர்ந்து நின்னது. அப்புறம் குளுக்கோஸோட இன்சுலின், மூக்குல நெபுலைசர். அதுக்குள்ள ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் 7.6. சாதாரணமா 3.5-ல இருந்து 5 வரைக்கும்தான் இருக்கணும்.

ஆம்புலன்ஸ்ல தர்மபுரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி டாக்டர் என்கிட்ட சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கு. "தம்பி, கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. இதயத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். இன்சுலின் பொட்டாசியத்தை ரத்தத்துல இருந்து செல்லுக்குள்ள தள்ளி ஒளிச்சு வைக்கும். சில மணி நேரத்துல அது திரும்ப வெளிய வரும். உடம்பை விட்டே எடுக்கணும்னா இவருக்கு டயாலிசிஸ்தான்."

அன்னைக்கு ராத்திரியே டயாலிசிஸ் நடந்தது. தாத்தா பிழைச்சுட்டார். மெஷின் பக்கத்துல நின்ன டெக்னீஷியன் அண்ணன்தான் கேட்டார்: "என்ன சாப்பிட்டாரு?" இளநீரைச் சொன்னேன். "அது தெரிஞ்சதுதான். உப்பு மாத்தினீங்களா?" நான் பெருமையா, ஆமாண்ணா, சோடியம் குறைவான உப்புன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் திட்டலை. "வீட்டுக்குப் போனதும் பாக்கெட்டைத் திருப்பிப் படி"ன்னு மட்டும் சொன்னார்.

படிச்சேன். நூறு கிராம்ல 25 கிராம் பொட்டாசியம் குளோரைடு. நாக்குல உப்பு கரிச்சாகணும், ஆனா சோடியம் குறையணும். அப்படின்னா சோடியத்தை எடுத்த இடத்துல வேற ஏதாவது வெக்கணும் இல்லையா? அங்கே பெரும்பாலும் வெக்கறது இதைத்தான்.

நாமெல்லாம் இன்ஜினியரிங் படிக்கிறவங்க. கணக்கை நாமளே போட்டுப் பார்க்கலாம். பொட்டாசியம் குளோரைடோட எடையில பாதிக்குக் கொஞ்சம் மேல, 52 சதவீதம், பொட்டாசியம். ஒரு நாளைக்கு தாத்தா பங்குக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் உப்புன்னு வைங்க. அதுல 1.25 கிராம் பொட்டாசியம் குளோரைடு. அதாவது 650 மில்லிகிராம் பொட்டாசியம். சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளுக்குக் கிட்டத்தட்ட 2 கிராம். இளநீர்ல 100 மில்லிக்கு சுமார் 250 மில்லிகிராம். காய்க்குக் காய் இது மாறும். ரெண்டு காயும் சேர்ந்து 700 மில்லின்னா 1.75 கிராம். ரெண்டையும் கூட்டினா 3.7 கிராம். இது சாப்பாட்டுல இருக்கிற பொட்டாசியத்துக்கு மேல வந்தது. நாலு மணி நேர டயாலிசிஸ் ஒரு தடவைக்கு வெளியே எடுக்கிறது சுமார் 3 கிராம்தான்.

இன்னொரு எண்தான் என்னை உட்கார வெச்சது. நம்ம உடம்புல இருக்கிற பொட்டாசியத்துல ஏறத்தாழ 98 சதவீதம் செல்களுக்குள்ளதான் இருக்கு. தாத்தா மாதிரி 50 கிலோ எடை உள்ளவரோட ரத்தத்துலயும், செல்லுக்கு வெளியே உள்ள நீர்லயும் சேர்த்து இருக்கிறது 2 கிராம்கூட வராது. ரெண்டு இளநீர்ல ஏறக்குறைய அதே அளவு இருந்திருக்கு. அவர் குடிச்ச உடனே விழாததுக்குக் காரணம், செல்கள் அதுல பெரும்பகுதியை உள்ளே இழுத்து வெச்சுக்கிட்டதுதான். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் நடக்கும். அப்புறம் சில மணி நேரத்துல சிறுநீரகம் அதை சிறுநீர்ல வெளியே அனுப்பிடும். தாத்தாவுக்கு அந்த வெளியேற்றும் குழாய் கிட்டத்தட்ட அடைச்சிருக்கு. குடல் வழியா கொஞ்சம் போகும், மீதி அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் உள்ளேயே நிக்கும். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவுலதான் வாரத்தோட நீண்ட இடைவெளி. திங்கள் ராத்திரி அதோட கடைசி முனை. நாங்க இளநீர் கொடுக்கத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்க!

இதயத்தை இது ஏன் தாக்குதுன்னா, இதயத் தசையோட ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. உள்ளே இருக்கிற பொட்டாசியத்துக்கும் வெளியே இருக்கிறதுக்கும் உள்ள விகிதம்தான் அதோட வோல்டேஜை நிறுத்தி வைக்குது. வெளியே ஏறினா வோல்டேஜ் சரியும், துடிப்போட தாளம் கெடும். இதுல பயங்கரம் என்னன்னா, பல பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கால் பலமில்லாம போறது, நாடி மெதுவாகறது எல்லாம் தெரிஞ்சா அதிர்ஷ்டம். டயாலிசிஸ்ல இருக்கிறவருக்கு இப்படி ஆனா, காலையில பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க.

அதுக்காக அந்த உப்பே விஷம்னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க. சீனாவுல 600 கிராமங்கள்ல, 20,995 பேர்கிட்ட ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2021-ல வந்தது. சாதாரண உப்புக்குப் பதிலா இதே மாதிரி கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தினவங்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சது. ஆனா தீவிர சிறுநீரக நோய் இருக்கிறவங்களை அந்த ஆய்வுல ஆரம்பத்துலயே சேர்க்கலை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில இந்த உப்பைப் பரிந்துரைச்சப்பவும் சிறுநீரகக் கோளாறு உள்ளவங்களை விலக்கித்தான் சொன்னது. எங்க அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கு, சிறுநீரகம் நல்லா இருக்கு. அவருக்கு நல்லதாகக்கூட இருக்கலாம். ஒரே வீடு, ஒரே டப்பா, ஒருத்தருக்கு மருந்து, இன்னொருத்தருக்கு ஆபத்து.

இப்போ எங்க வீட்டுல தாத்தாவுக்கு சாதாரண உப்புதான், அளந்து, குறைவா. இந்துப்பு வாங்கலாமான்னு அத்தை கேட்டாங்க. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், அதனால அதுல லாபம் இல்லை. ருசிக்கு மிளகு, சீரகம், பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை. எங்க பக்கம் புளி இல்லாத குழம்பு கிடையாது. ஆனா புளியில பொட்டாசியம் ஜாஸ்தி, அதனால கரைசல் பாதியாச்சு. உருளைக்கிழங்கு மாதிரி காய்களை ஆயா தோல் சீவி, சின்னதா நறுக்கி, நிறைய தண்ணியில வேக வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடறாங்க. சத்து போயிடுமேன்னு முதல்ல அழாத குறை. ஆனா இங்கே போக வேண்டியதே அதுதான், பொட்டாசியம் தண்ணியில இறங்கிடும். அந்தத் தண்ணியில ரசம் வெச்சா எல்லாம் வீண். கேழ்வரகுக் களியை இப்படி வடிக்க முடியாது. மாவு நூறு கிராம்ல சுமார் 400 மில்லிகிராம். அதனால தினமும் இருந்தது, டயட்டீஷியன் சொன்ன அளவுல எப்போவாவதுன்னு ஆச்சு. தாத்தாவுக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இதை அப்படியே உங்க வீட்டுல செய்யாதீங்க. சிறுநீரக நோயோட ஆரம்ப நிலையில இருக்கிற பல பேருக்குக் காய், பழத்தைக் குறைக்கவே தேவையில்லை. கடைசியா எடுத்த ரத்தப் பரிசோதனையில பொட்டாசியம் எவ்வளவு, ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை (சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏத்தும்) இதையெல்லாம் பார்த்து டாக்டர்தான் சொல்லணும். உங்க வேலை ஒண்ணே ஒண்ணு. லீவுக்குப் போகும்போது அந்தப் பாக்கெட்டைத் திருப்புங்க. "பொட்டாசியம் குளோரைடு"ன்னு இருக்கலாம். INS 508 அப்படின்னு எண்ணா மட்டும்கூட இருக்கலாம். ரெண்டும் ஒண்ணுதான்.

தாத்தா இப்போ சாயங்காலத்துல கடைக்கு வந்து உட்கார்றார். யாராவது இளநீர் கேட்டா சித்தப்பா வெட்டிக் கொடுப்பார். தாத்தா பார்த்துக்கிட்டே இருப்பார். போன வாரம் வயசான ஒருத்தர், காலெல்லாம் வீங்கி, மலை ஏற முடியாம திண்ணையில உட்கார்ந்து ஒரு இளநீர் கேட்டார். சித்தப்பா அரிவாளை எடுத்தார். தாத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏங்க, உங்களுக்குக் கிட்னி எப்படி இருக்குது?"