பதினான்காம் எண் புடவை

ஜூலை 7, திங்கள்

ஆவணி முகூர்த்தத்துக்கான 24 பட்டுப் புடவைகளும் இன்று தறிகளிலிருந்து வந்து சேர்ந்துவிட்டன. சனிக்கிழமை படமெடுக்க வேண்டும். சென்னையிலிருந்து வரும் போட்டோகிராபர் தம்பிக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். போன தடவை அனுப்பியதைத் திறந்து பார்த்தால் வெட்கமாக இருந்தது. "புடவை அழகா, ரிச்சா தெரியணும் தம்பி." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். அவனும் அழகாகத்தான் எடுத்தான். அரக்குப் புடவை குங்குமப்பூ நிறத்தில் மின்னியது. வாங்கிய ஐந்து பேர் "படத்தில் இருந்த நிறம் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள்.

அன்று நடந்தது பிறகுதான் புரிந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே ஒரு பக்கம், எல்.இ.டி. விளக்கு மறுபக்கம். கேமரா எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்? ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணும். அதனால் மெயிலின் முதல் வரி இது:

"ஜன்னலை மூடிவிடலாம், டியூப் லைட்டை அணைத்துவிடலாம். ஃபிளாஷ் மட்டும் போதும். ஒவ்வொரு புடவைக்கும் முதல் ஃபிரேமில் சாம்பல் அட்டையும் புடவை எண் எழுதிய சீட்டும் சேர்ந்து இருக்கட்டும்."

சாம்பல் அட்டை நடுநிலையான சாம்பல். கணினியில் அதைத் தொட்டுக் காட்டினால் மற்ற நிறங்கள் அதற்கேற்ப நேராகும். சீட்டு எதற்கு என்றால், எங்களிடம் மூன்று பச்சைகள் இருக்கின்றன. படத்தில் எது எது என்று எனக்கே குழம்பிவிடும்.

ஜூலை 8, செவ்வாய்

பின்னணி விதி எழுதினேன். நாங்கள் விற்கும் தளம் கேட்பது தூய வெள்ளை, அதாவது 255, 255, 255. புடவை ஃபிரேமில் 85 சதவீதத்தை நிறைக்க வேண்டும். எழுத்து, லோகோ, பூ, வெற்றிலைத்தட்டு எதுவும் முதல் படத்தில் கூடாது. விதி எளிது, கிடைக்கும் வெள்ளைதான் தொல்லை. திரையை வெளுக்க வெளிச்சத்தைக் கூட்டினால் அது திரும்பி வந்து முந்தியின் ஓரத்தைப் பால்போல் வெளிற வைக்கும். மாடல் திரையை விட்டு ஆறடி முன்னால் நிற்கட்டும், திரைக்குத் தனி விளக்கு இருக்கட்டும் என்று எழுதினேன். விளிம்பில் இழைகள் எண்ணும்படி தெரிந்தால் சரி, கரைந்தால் வெளிச்சம் அதிகம்.

சந்தன நிறப் புடவை ஒன்று இருக்கிறது. வெள்ளையில் அதன் கரையே தெரியாது. அதற்கு மட்டும் இருபுறமும் கறுப்பு அட்டை நிறுத்தச் சொன்னேன். விளிம்பில் மெல்லிய நிழல் விழும், பின்னணி வெள்ளை அப்படியே இருக்கும்.

பக்கத்தில் அம்மா: "போட்டோ எடுக்கறவன் சிவப்புச் சட்டை போட்டுட்டு வந்தா?" நல்ல கேள்வி. அதையும் சேர்த்துவிட்டேன். கறுப்பு அல்லது சாம்பல் சட்டை.

ஜூலை 9, புதன்

இன்று கோணங்கள். முழு உருவம், விரித்த முந்தி, கரை நெருக்கம், உடல், உள்பக்கம், ரவிக்கைத் துண்டு என்று ஒரு புடவைக்கு ஆறு படம். முதல் ஐந்தும் எழுதுவதற்குள் பழைய கோபம் வந்துவிட்டது. போன தடவை உடலும் முந்தியும் சேரும் இடத்தில் ஒரு நெளிகோடு இருந்தது. அதைக் குறை என்று நினைத்து, தம்பி கணினியில் அழகாக அழித்துவிட்டான். அது பெட்னி. உடல் பாவின் நூல்களை வேறு நிறப் பாவோடு கோத்து நெய்து, பிறகு பழைய பாவை வெட்டிவிடும்போது விழும் அடையாளம். அதைப் பார்த்துத்தான் தெரிந்தவர்கள் வாங்குவார்கள். அந்தப் புடவையின் விலையில் ஒரு பங்கு அந்தக் கோடுதான்.

அவனைக் குறை சொல்ல முடியாது, நான் சொல்லவே இல்லையே. இப்போது எழுதினேன்: "பெட்னிக் கோட்டையும், கரையும் உடலும் பின்னிக்கொள்ளும் கோர்வையையும் அழிக்காதீர்கள். இரண்டுக்கும் நேர் எதிரிலிருந்து நெருக்கப் படம் வேண்டும். உள்பக்கமும் எடுங்கள், நூல் முனைகள் தெரியட்டும். தூசியும் நூல் பிசிறும் மட்டும் நீக்கலாம்."

ஜரிகைக்கு ஒரு பத்தி போனது. ஃபிளாஷ் நேரே அடித்தால் ஜரிகை வெள்ளைக் கோடாகிவிடும், தங்கம் போய்விடும். போலரைசர் மாட்டினால் பட்டின் பளபளப்பு குறையும், ஜரிகையின் மினுக்கு அப்படியேதான் இருக்கும். உலோகம் ஒளியைத் திருப்பும் விதம் வேறு. பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைக்க வேண்டும்.

இஸ்திரிக்குப் பதில் ஸ்டீமர், தண்ணீர் தெளிக்கக் கூடாது, குண்டூசி வேண்டாம், கிளிப் போதும். தண்ணீர்ச் சொட்டு விழுந்த பட்டில் வட்டம் நிற்கும்.

ஜூலை 10, வியாழன்

இரவு பதினொன்று. 14-ல் சிக்கிக்கொண்டேன்.

மயில்கழுத்து நிறம். பாவு நீலம், ஊடை பச்சை. கையில் பிடித்து அசைத்தால் நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடும். மேசையில் விரித்து நேரே பார்த்தால் இரண்டும் கலந்து மந்தமான ஒரு கடல்நிறம். எது இதன் நிறம் என்று மெயிலில் எழுதுவது? நேர்ப்படம் எடுத்தால் வாங்குபவர் வீட்டில் நீலமாகத் தெரியும்போது ஏமாந்ததாக நினைப்பார். மடிப்புப் படம் எடுத்தால், அதில் பச்சை மேலோங்கும் பக்கமே முன்னால் இருந்தால், அதே கதைதான்.

நெய்தவரைப் போனில் பிடித்தேன். "மடிப்பைப் பாவு பக்கம் சாய்ச்சா நீலம் வரும்மா, ஊடை பக்கம் சாய்ச்சா பச்சை. ரெண்டும் அதுதானே" என்றார். அப்படியே கேமராவுக்கு மாற்றி எழுதினேன்: "14-ம் எண்ணுக்கு மூன்று படம் கூடுதல். விளக்கை நகர்த்த வேண்டாம். மடிப்பை மட்டும் திருப்பி ஒருமுறை நீலம், ஒருமுறை பச்சை, ஒருமுறை இரண்டும் ஒரே மடிப்பின் இரு சரிவிலும் தெரிகிற மாதிரி. கேமராவை இருபுறமும் மெதுவாக நகர்த்தி ஐந்து விநாடி வீடியோ ஒன்றும்." தளத்தில் பெயரைக் கடல்நீலம் என்று போடாமல், "மயில்கழுத்து (நீலப் பாவு, பச்சை ஊடை)" என்று போடலாம் என்று முடிவு செய்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மெயில் போய்விட்டது. கோப்புப் பெயர்கள் கீழே:

```
KP14_01_main.jpg
KP14_02_mundhi.jpg
KP14_07_mayil_neelam.jpg
```

எல்லாம் sRGB-ல், நீளப் பக்கம் 2000 பிக்சல். Adobe RGB-ல் அனுப்பினால் சில திரைகளில் நிறம் சோம்பிப் போகும். போன மாதம் அதையும் பார்த்தாயிற்று.

அரைமணியில் பதில்: "அக்கா, கட்டம் போட்ட புடவை இருக்கா? தூரத்துல எடுத்தா அலை அலையா நெளியும்." இருக்கிறது, 9 மற்றும் 20. திரையில் வரும் அந்த நெளிவைக் குறைக்கக் கோணத்தைக் கொஞ்சம் திருப்புவானாம், இல்லையென்றால் நெருங்கி எடுப்பானாம். இது எனக்குத் தெரியாது. மெயிலில் சேர்த்துத் திருத்தி அனுப்பினேன்.

ஜூலை 12, சனி

காலை எட்டுக்குத் தொடங்கி ஆறு மணிக்கு 24-ம் முடிந்தது. அரக்கு அரக்காகவே வந்தது. படத்தையும் புடவையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு மாடலின் முந்தி ஓரம் வெளிறியிருந்தது. திரை விளக்கை இறக்கி மறுபடி எடுத்தான்.

14-க்கு மட்டும் ஒரு மணி நேரம். மடிப்பைத் திருப்பத் திருப்ப நீலம் கைக்கு வந்து நழுவியது. நெய்தவர் சொன்ன பக்கம் சாய்த்ததும் ஒழுங்காக நின்றது. "அக்கா, இது ஒரு புடவையா ரெண்டா?" என்றான். கேமராவின் சின்னத் திரையில் மூன்று படத்தையும் தள்ளித் தள்ளிக் காட்டினான். நான் மூன்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.