212 மாற்றங்களில் எது?

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டிய தேதியைப் பெற்றோருக்கு நினைவுபடுத்தும் ஆப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீஸ் லண்டனில். 4.2 ரிலீஸ் போன இரண்டாம் நாளே புகார் வர ஆரம்பித்தது: "அப்பாயின்ட்மென்ட் 14-ஆம் தேதி. ஆப் 13-னு காட்டுது." ஒரு அம்மா வேலைக்கு லீவு போட்டு, கைக்குழந்தையோடு ஒரு நாள் முன்னாடியே கிளினிக் வாசலில் போய் நின்றிருக்கிறார்.

எங்கள் கம்ப்யூட்டர்களில் பார்த்தால் 14 என்றுதான் காட்டியது. புகார்களை நாடு வாரியாகப் பிரித்ததும் விஷயம் கொஞ்சம் புரிந்தது. எல்லாமே கனடா, அமெரிக்கா. லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒன்றுகூட இல்லை. ஆக, நேர வித்தியாசத்தில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் 4.1-இல் சரியாக இருந்ததை எந்த மாற்றம் கெடுத்தது?

கோடில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் ஒரு கமிட்டாகச் சேமித்து வைக்கும். இரண்டு ரிலீஸுக்கும் நடுவில் 212 கமிட் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க ஒரு வாரம் ஆகும். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் கிட்டில் பைசெக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது.

என் மகளோடு காரில் போகும்போது ஒரு விளையாட்டு விளையாடுவோம். நூறுக்குள் ஒரு நம்பரை அவள் நினைத்துக்கொள்வாள். "ஐம்பதுக்கு மேலயா?" என்று கேட்பேன். "இல்லம்மா" என்றால் ஐம்பது நம்பர் ஒரே அடியில் போச்சு. அடுத்து இருபத்தைந்து. ஏழு கேள்விக்குள் பிடித்துவிடலாம். பைசெக்ட் செய்வதும் இதேதான். நடுவில் இருக்கும் கமிட்டை எடுத்துத் தரும். அது நல்லதா கெட்டதா என்று நாம் சொன்னால் மீதியில் பாதியைத் தள்ளிவிடும். 212-க்கு எட்டு கேள்வி போதும்.

ஆனால் நாம் சொல்லும் பதிலை அது அப்படியே நம்பிவிடும். அதனால் ஆரம்பிக்கும் முன்பு, தேதி சரியா என்று பார்க்கும் சின்ன சோதனை ஒன்றை எழுதி, இரண்டு முனைகளிலும் ஓட்டிப் பார்த்தேன். 4.1 நல்லது என்றது. 4.2-உம் நல்லது என்றது! கெட்டது என்று நமக்கே தெரிந்த ரிலீஸை நல்லது என்று சொல்லும் சோதனையை வைத்துத் தேடினால், எட்டு படி முடிந்ததும் சம்பந்தமே இல்லாத கமிட்டில் போய் நிற்போம். என் கம்ப்யூட்டர் லண்டன் நேரத்தில் ஓடுவதுதான் காரணம். அதை டொராண்டோ என்று நம்ப வைத்ததும் 4.2 தோற்றது. இப்போதுதான் கேள்வி சரியான கேள்வி.

சோதனையை `check.sh` என்று ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே வைத்தேன். உள்ளே கமிட் செய்து வைத்தால், பழைய கமிட்டுக்குப் போகும்போது அதுவும் காணாமல் போய்விடும்.

```
#!/bin/sh
npm ci || exit 125
TZ=America/Toronto node ../check-date.js
```

சோதனை 0 என்று முடிந்தால் நல்லது, 1 என்றால் கெட்டது. 125 என்றால் "இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ" என்று அர்த்தம். நடுவில் உள்ள சில கமிட்டுகளில் இன்ஸ்டாலே ஆகாது. அதைக் கெட்டது என்று கணக்கில் எடுத்தால் தேடல் தப்பான பாதியில் போய்விடும்.

```
git bisect start
git bisect bad v4.2
git bisect good v4.1
git bisect run ../check.sh
```

ஓட விட்டு டீ போட்டுக் குடித்து வந்தேன். ஒரு கமிட்டைக் காட்டி `is the first bad commit` என்று முடித்திருந்தது. தேதிக்காக வைத்திருந்த ஒரு லைப்ரரியை எடுத்துவிட்டு ஆப்பைச் சின்னதாக்கிய கமிட் அது. கெடுத்தது ஒரே வரி:

```
new Date("2024-03-14")
```

நேரம் இல்லாமல் தேதியை மட்டும் இப்படிக் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அந்த நொடியில் டொராண்டோவில் இன்னும் முந்தின நாள் சாயங்காலம்தான், அதனால் 13. லண்டன், சென்னை, சிங்கப்பூர் எல்லாம் யுடிசிக்குச் சமமாகவோ முன்னாலோ இருப்பதால் 14. மாற்றத்தை எழுதியவர் சென்னையில், சரிபார்த்தவர் லண்டனில். இருவர் திரையிலும் அது சரியாகவே தெரிந்திருக்கும்.

`git bisect reset` கொடுத்துப் பழைய இடத்துக்குத் திரும்பினேன். வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்து அந்த ஊர் நேரப்படியே தேதி உருவாகும்படி வரியை மாற்றினோம். அன்று சாயங்காலமே 4.2.1 போனது. தவறான தேதி பார்த்திருக்கக்கூடிய எல்லோருக்கும் சரியான தேதியோடு ஒரு மெசேஜும் போனது. இப்போது எங்கள் சோதனைகள் எல்லாம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு முறை ஓடுகின்றன: ஒரு முறை லண்டன் நேரத்தில், ஒரு முறை டொராண்டோ நேரத்தில்.