இரவு ஷிப்டில் பிடிபட்ட குறை

மரக்காணத்தில் உப்பு விளைவது கழிமுகத்து உவர்நீரிலிருந்து. விழுப்புரம் மாவட்டத்தில், கழுவெளியை ஒட்டிப் பரந்துகிடக்கும் உப்பளங்களில் பொங்கலுக்குப் பிறகு வேலை சூடுபிடித்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்வரை நடக்கும். பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றி வெயிலில் வற்றவிடுவார்கள். அடர்த்தி 25 போமே அளவை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். ஏறத்தாழ 29 அளவுக்கு மேல் போகவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படியும் என்பதால், எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இதில் அவசரம் காட்டினால் உப்பில் மெக்னீசியம் குளோரைடு தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அம்பாரமாகக் குவித்துக் கீற்று போட்டு மூடினாலும் உப்பு கசிந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கசிவு அளத்தோடு முடிந்துபோவதில்லை. உண்ணும் உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும் என்பது விதி. அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பதை 2006 மே 17 முதல் மத்திய அரசு நாடு முழுவதும் தடை செய்தது. 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் அச்சான அளவு, உலர் எடையில் ஆலையில் 30 பிபிஎம்முக்குக் குறையாமலும் கடையில் 15-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது. 30 பிபிஎம் என்றால் கிலோவுக்கு 30 மில்லிகிராம். இரண்டுக்கும் இடையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் விட்டதற்குக் காரணம் ஈரமும் நாளும்தான். ஈர உப்பு மூட்டையில் நிற்கும்போது நீர் கீழே இறங்கும், கலந்த அயோடேட்டும் அதோடு இறங்கும்.

உப்பைக் கழுவி அரைத்துப் பெல்ட்டில் விட்டு, மேலிருந்து பொட்டாசியம் அயோடேட் கரைசலை நாசில் வழியே தெளிப்பது வழக்கமான முறை. அயோடேட்டின் எடையில் 59.3 விழுக்காடுதான் அயோடின். ஆகவே டன்னுக்கு 59 கிராம் அயோடேட் தெளித்தால் 35 பிபிஎம் கிடைக்கும். ஆலைகள் வேலைக்குறியாக 35 வைத்து, 30-ஐ அதற்குக் கீழே இறங்கக்கூடாத வரம்பாக, அதாவது கிரிட்டிகல் லிமிட்டாக எழுதிவைப்பது வழக்கம். அயோடின் குறைவது உடனே யாரையும் நோயில் தள்ளும் ஆபத்தல்ல என்பதால் அதைக் கிரிட்டிகல் லிமிட்டில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஆனால் குறைந்த சரக்கு வெளியே போனபின் அதைத் திருத்த வழியே இல்லை. சேர்ப்பதுதான் சரி.

அளவைச் சொல்வது டைட்ரேஷன். 10 கிராம் உப்பைக் கூம்புக் குடுவையில் நீரில் கரைத்து, சிறிது நீர்த்த கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால், அயோடேட் முழுவதும் அயோடினாக மாறிக் கரைசல் மஞ்சளாகும். குடுவையை மூடி 10 நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அயோடைடிலிருந்து தனியாகவும் அயோடின் பிறந்து அளவு கூடிப்போகும். பிறகு பியூரெட்டிலிருந்து 0.005 நார்மல் சோடியம் தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக இறங்கும். மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்தபிறகே ஸ்டார்ச் ஊற்ற வேண்டும். முன்கூட்டி ஊற்றினால் அது அயோடினைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. கரைசல் கருநீலமாகி, கடைசிச் சொட்டில் நிறம் போகும். செலவான தயோசல்பேட்டை மில்லிலிட்டரில் எடுத்து 10.58 ஆல் பெருக்கினால் பிபிஎம்.

இந்த 10.58 முழுவதும் தயோசல்பேட்டின் வலிமையை நம்பி நிற்கிறது. பாட்டிலில் நுண்ணுயிர் வளர்ந்தாலும் காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தாலும் தயோசல்பேட் சிதையும். இவ்வளவு நீர்த்த கரைசல் இன்னும் விரைவில் வலுவிழக்கும். வலுவிழந்த கரைசல் அதே அயோடினுக்கு அதிகமாகச் செலவாகும் என்பதால், உப்பில் இல்லாத அயோடின் இருப்பதாகக் கணக்கில் ஏறும். அளவுக் குறைவைக் காட்ட வேண்டிய கருவியே அதை மறைத்துவிடும். தவறு எப்போதும் ஆலைக்குச் சாதகமாகவே காட்டுவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

மறுநாள் காலை இறுதி ஆடிட் என்று வைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு இரவில் இது எப்படிப் பிடிபடும் என்று பார்க்கலாம். இரவு ஷிப்டு தரப் பரிசோதகர் பகல் பதிவேட்டை வாங்குகிறார். 50 டன் உப்பு 50 கிலோ மூட்டைகளாகக் கட்டப்பட்டு லாரிக்குக் காத்திருக்கிறது. பகலில் எடுத்த டைட்ரேஷன் 3.0 மில்லிலிட்டர். பெருக்கினால் 31.7 பிபிஎம். வரம்பு 30, பாஸ். பக்கத்தில் கையெழுத்தும் இருக்கிறது.

அவர் அடுத்துப் பார்ப்பது ரசாயன இருப்புப் பதிவேடு. அந்த ஷிப்டில் செலவான அயோடேட் 2.4 கிலோ. அதில் 59.3 விழுக்காடு 1,423 கிராம் அயோடின். 50 டன்னுக்குப் பகிர்ந்தால் 28.5 பிபிஎம்தான் வருகிறது. போட்டதே 28.5 என்றால் 31.7 எங்கிருந்து வந்தது? உப்பில் இயல்பாக உள்ள அயோடின் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இராது. ஒன்று எடை தவறு, அல்லது டைட்ரேஷன் தவறு.

அவர் முதலில் தயோசல்பேட் பாட்டிலைச் சோதிக்கிறார். கடைசியாக வலிமை சரிபார்த்த தேதி பாட்டிலில் மூன்று வாரத்துக்கு முந்தையது. 0.005 நார்மல் வலிமையுள்ள நிலை அயோடேட் கரைசல் 10 மில்லிலிட்டருக்கு 10.0 மில்லிலிட்டர் தயோசல்பேட்தான் செலவாக வேண்டும். 11.1 செலவாகிறது. கரைசல் 0.0045 ஆகச் சரிந்திருக்கிறது. பகல் உப்பின் மாதிரியைப் புதுக் கரைசலில் மறுபடி டைட்ரேட் செய்தால் 2.7 மில்லிலிட்டர், அதாவது 28.6 பிபிஎம். 3 விழுக்காடு ஈரத்தைக் கழித்து உலர் எடையில் கணக்கிட்டாலும் 29.5-ஐத் தாண்டவில்லை. அயோடேட் கணக்கும் ஒத்துவருகிறது. உப்பில் ஸ்டார்ச் கலந்த கரைசலைச் சொட்டிப் பார்க்கும் கள சோதனைப் பெட்டி இங்கே உதவாது. அதில் நீலம் வரும், ஆனால் 28-ஐயும் 31-ஐயும் அது பிரித்துச் சொல்லாது.

பெல்ட் பக்கம் போனால் மூன்று நாசிலில் ஒன்று உப்புப் படிவால் பாதி அடைத்திருக்கிறது. பெல்ட் ஓட்டுபவர், "காலையில நல்லாத்தாண்ணே அடிச்சுது" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. நாசில் ஒரேயடியாக அடைபடுவதில்லை, மணிக்கணக்கில் மெல்லச் சுருங்குகிறது. தெளிப்பு கண்ணுக்குத் தெரிவதால் அளவு சரி என்று தோன்றிவிடும். முந்தைய ஷிப்டுகளின் அயோடேட் செலவு 50 டன்னுக்கு 2.9 கிலோவுக்கு மேல் இருப்பதால் அந்தச் சரக்கு இந்தக் குறையில் சேராது என்று பரிசோதகர் முடிவுசெய்து, அதை உறுதிப்படுத்த அவற்றின் இருப்பு மாதிரிகளையும் புதுக் கரைசலில் பார்க்கிறார்.

பிறகு செய்வது நேரான வேலை. 50 டன்னுக்கும் நிறுத்தச் சீட்டு ஒட்டி லாரியில் ஏற்றாமல் வைக்கிறார். நாசிலைக் கழற்றி வெந்நீரில் கழுவுகிறார்கள். மூட்டையைப் பிரித்து உப்பை மறுபடி பெல்ட்டில் விட்டு, 35-க்குக் கொண்டுவர இன்னும் ஏறத்தாழ 550 கிராம் அயோடேட் தெளிக்கிறார்கள். புதிய டைட்ரேஷன் முடியும்வரை சரக்கு நகராது.

பதிவேட்டில் செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. பகலில் எழுதிய 31.7-ஐ அழிக்கவோ திருத்தவோ கூடாது. அதன் கீழே புதிய அளவு, பழைய கரைசலின் 11.1, நாசில் அடைப்பு, நிறுத்திய மூட்டை எண்ணிக்கை, மறுகலப்பு, நேரம், கையெழுத்து எல்லாம் தனித்தனியே ஏற வேண்டும். ஆடிட்டர் பக்கம் புரட்டும்போது அங்கே ஒரு மீறலும் அது கையாளப்பட்ட விதமும் தெரியும். அயோடேட் செலவையும் டைட்ரேஷனையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஆடிட்டருக்கு, எதுவும் நடக்காதது போன்ற சுத்தமான பக்கம்தான் கேள்வியை எழுப்பும்.

உப்பளக் கரையில் அயோடின் கலக்கும் சிறு ஆலைகள் இரண்டு வேலைகளை மட்டும் அன்றாடக் கட்டாயமாக்கட்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் முதல் டைட்ரேஷனுக்கு முன் தயோசல்பேட்டின் வலிமையைப் பார்க்க வேண்டும். ஷிப்டு முடிவில் அயோடேட் செலவை 59.3 விழுக்காட்டால் பெருக்கி, டன் கணக்கால் வகுத்து, அந்த எண்ணை டைட்ரேஷன் எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும்.